கேபிள் ஊசி இல்லாமல் போட்ட முறுக்கு தப்பாகத் திரும்பிவிட்டது, பிரிக்காமல் சரிசெய்யலாமா?

பெரம்பூர்_நூல்கண்டு
டெல்லிப் பேரனுக்கு அக்ரிலிக் நூலில் ஸ்வெட்டர். நடுவில் 6 கண்ணிக் கேபிள், 8 வரிசைக்கு ஒரு முறுக்கு, எல்லாமே வலப்பக்கம் சாய வேண்டும். 9-உம் 25-உம் சரி, 17-ஆம் வரிசை மட்டும் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. இப்போது 28 முடித்திருக்கிறேன். கேபிள் ஊசி மின்சார ரயிலில் விழுந்துவிட்டதால் வெறும் கையால்தான் போட்டேன்.

வேளச்சேரி_வாசுகி
17 வரைக்கும் பிரிச்சுடுங்க. வேற வழியில்லை.

மயிலை_மாமி
வழி இருக்கிறது. கேபிளின் 6 கண்ணிகளை மட்டும் இறக்கினால் போதும்.

29-ஆம் வரிசையைக் கேபிள் வரை பின்னி நிறுத்துங்கள். அந்த 6 கண்ணிகளை ஊசியிலிருந்து விட்டு, ஒவ்வொரு வரிசையாக உருவுங்கள். 25-இன் முறுக்கும் அவிழும், பயப்பட வேண்டாம். 17-உம் அவிழ்ந்ததும் 6 கண்ணிகளை இருபக்கமும் கூரான குட்டி ஊசியில் எடுங்கள். மேலே 12 நூல்கள் ஏணிப்படி மாதிரித் தொங்கும். அடியில் இருப்பதுதான் 17.

இப்போது முறுக்கு. வலப்பக்கம் சாய, வலது ஊசியை முன்புறமாகவே கொண்டுபோய் 4, 5, 6-ஆம் கண்ணிகளில் நுழையுங்கள். அடியை விரலால் கிள்ளிப் பிடித்து, ஆறையும் இடது ஊசியிலிருந்து விடுங்கள். முதல் மூன்றும் பின்னால் தொங்கும், அவற்றை இடது ஊசியால் பின்புறமிருந்து எடுங்கள். மற்ற மூன்றையும் இடது ஊசிக்கே மாற்றி, அடி நூலால் ஆறையும் பின்னுங்கள். அன்று தொங்கிய மூன்று முன்னால் வந்திருக்கும், அதான் சாய்வு மாறியிருக்கிறது.

அடுத்த நூல்களை ஒவ்வொன்றாக, எப்போதும் முன்பக்கத்திலிருந்தே, சாதாரணமாகப் பின்னுங்கள். 9-ஆவது நூல் 25-ஆம் வரிசை, அதில் மறுபடி முறுக்கு. எண்ணிக்கை தவறினால் மொத்தமும் கோணல். ஒரு நூலைத் தாண்டிவிட்டால் பின்பக்கம் குறுக்கே ஒரு நூல் தொங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர்_அக்கா
நான் குரோஷேயில் கேபிள் போடுகிறேன், அதிலும் இப்படி இறக்கலாமா?

மயிலை_மாமி
முடியாதும்மா. குரோஷேயில் ஒரு கண்ணி மேல் இன்னொன்று முடிந்து உட்கார்ந்திருக்கும், பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வேளச்சேரி_வாசுகி
ஆறும் ஏன்? முன்னால் இருக்கும் மூன்றை மட்டும் இறக்கி, பின்னால் தள்ளிக் கொக்கியால் ஏற்றினால் போதுமே?

மயிலை_மாமி
ஒரே முறுக்கு இருந்தால் சரிவரும் என்று தோன்றுகிறது. மேலே 25-உம் இருக்கையில் நான் செய்து பார்த்ததில்லை.

பெரம்பூர்_நூல்கண்டு
மாமி, செய்துவிட்டேன், சாய்வு சரி. ஆனால் கேபிளின் இடது ஓரத்துக் கண்ணி தொளதொளவென்று இருக்கிறது, வலது ஓரம் இறுக்கம்.

மயிலை_மாமி
வலது ஓரத்தில் இறுக்கிப் பின்னியதால், மிச்ச நூல் இடது ஓரத்தில் சேர்ந்திருக்கிறது. ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியாக வலப்பக்கம் நகர்த்துங்கள். கம்பளி நூல் நனைத்தால் தானே படியும். அக்ரிலிக் அவ்வளவாகப் படியாது, கையால்தான் சமன் செய்ய வேண்டும். இஸ்திரிப் பெட்டி மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.