கோயம்புத்தூர் எல்.எல்.பி.யின் பொறுப்புப் பங்காளி யார்? உதவுங்கள்

வணக்கம். பினாங்கில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவரிடம் 18,000 வெள்ளிக்குச் சரக்கு கேட்டேன். பாதிப் பணம் முன்னதாக வேண்டுமாம். அனுப்புமுன் அவரைப் பற்றி விசாரிக்கிறேன்.

முதலில் சறுக்கினேன். இயக்குநர் பெயரையும் 21 எழுத்து நிறுவன எண்ணையும் தேடினேன், இரண்டுமே இல்லை. அவருடையது எல்.எல்.பி., அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை; சென்டிரியான் பெர்ஹாட் மாதிரி நிறுவனம் இல்லையே! எல்.எல்.பி. என்றால் பங்கும் இல்லை, இயக்குநரும் இல்லை. பங்காளிகள் போட்ட முதலும் அவர்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும்தான். கடன் வந்தால் பொதுவாக எல்.எல்.பி.யின் சொத்தோடு நிற்கும். நம் ஊர் பி.எல்.டி. போலத்தான். ஆனால் இங்கே இணக்க அதிகாரி, அங்கே குறைந்தது இரண்டு பொறுப்புப் பங்காளிகள். அவர்களில் ஒருவராவது இந்தியாவில் வசிக்க வேண்டும்.

பில்லில் எல்.எல்.பி. எண் இருந்தது. அதை mca.gov.in தளத்தில் View Company or LLP Master Data பகுதியில் போட்டேன். பொறுப்புப் பங்காளிகளாக இரண்டு பெயர்கள் வந்தன. என்னிடம் பேசி, விலைப்பட்டியலில் ‘பங்காளி’ என்று கையெழுத்திட்டவர் பெயர் அதில் இல்லை.

அவர் சாதாரணப் பங்காளியாக இருக்கலாம், அது தப்பில்லை. வெறும் தரகராக இருந்தால்தான் வம்பு. எல்லாப் பங்காளிகளும் ஆண்டறிக்கையான 11ஆம் படிவத்தில் இருப்பார்கள். கட்டணம் கட்டினால் பார்க்கலாம். மலேசிய வங்கி அட்டையால் யாராவது கட்டியிருக்கிறீர்களா? இல்லை, பட்டியலில் உள்ள இருவரில் ஒருவரிடம் கையெழுத்துக் கடிதம் கேட்பது போதுமா? வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லணும்.