மோட்டார் திணறுகிறது: ஆர்டிஓஎஸ்-க்கு மாறலாமா?

மின்மினி: 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஐ2சி சென்சாரைப் படித்து மோட்டார் வேகத்தைத் திருத்துகிறேன், விநாடிக்கு ஒருமுறை எஸ்டி கார்டில் பதிகிறேன். எல்லாம் ஒரே `while(1)` சுற்றில். அவ்வப்போது மோட்டார் திணறுகிறது. ஆர்டிஓஎஸ் தேவையா?

கம்பிக்காரர்: மாறிவிடுங்கள். மூன்று வேலைக்கு மேல் போனால் சூப்பர் லூப் தாங்காது.

அலைமானி: எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? இருபது வேலைகள் 2 மில்லி விநாடியில் முடிகிற சுற்று என்னிடம் ஓடுகிறது. சுற்றின் தொடக்கத்தில் ஒரு பின்னை மாற்றிப் போட்டு அலைக்காட்டியில் பாருங்கள். சராசரி வேண்டாம், மிக நீண்ட சுற்று எவ்வளவு?

மின்மினி: வழக்கமாக 3 மில்லி விநாடி. `f_sync` அழைக்கும்போது சில வேளை 180.

அலைமானி: அங்கேதான் 18 திருத்தங்கள் காணாமல் போகின்றன. கார்டு உள்ளே தன் வேலையை முடிக்கும்வரை பிஸி என்று நிற்கும், நூலகமும் கூடவே காத்து நிற்கும். இதற்கு டைமர் இன்டரப்ட் போதும்:

```c
void TIM2_IRQHandler(void) {
    TIM2->SR = ~TIM_SR_UIF;
    control_step();
    log_push();
}
```

சேர்ந்த பதிவுகளைக் கார்டில் எழுதுவது மட்டும் சுற்றின் வேலை. விநாடிக்கு 100 பதிவு, தடையின்போது இன்னும் 18. வளையத் தாங்கியில் 256 இடம் விடுங்கள்.

கம்பிக்காரர்: இன்டரப்டுக்குள் ஐ2சி-யா? அரை மில்லி விநாடி போய்விடும். சீரியலில் 115200 வேகத்தில் அதற்குள் ஐந்து பைட் வந்துவிடுமே.

அலைமானி: சீரியலுக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்தால் கார்டெக்ஸ்-எம் இடையில் புகுந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஐ2சி தொங்கினால் எல்லாம் தொங்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். நேர வரம்பு கட்டாயம்.

பொறியன்: நான் ஆர்டிஓஎஸ்-க்கு மாறி மூன்றாம் நாளே பலகை தானாக மறுதொடக்கம் ஆனது. 128 சொல், அதாவது 512 பைட் ஸ்டாக் கொடுத்த டாஸ்க்கில் `snprintf` அழைத்திருந்தேன். `uxTaskGetStackHighWaterMark` காட்டியது பூஜ்யம். ஒரு வாரம் தூக்கம் போனது.

மின்மினி: இன்டரப்டுக்கு மாற்றினேன், மோட்டார் சீராகிவிட்டது. ஆனால் அடுத்த பதிப்பில் கணினிக் கட்டளைக்கு 50 மில்லி விநாடிக்குள் பதில் போக வேண்டும். பதிலைத் தயாரிக்கவே 8 ஆகிறது.

அலைமானி: இப்போது மாறுங்கள். சுற்றில் வைத்தால் `f_sync` பிடித்துக்கொள்ளும். அதை நடுவில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்வர வழியில்லை. டைமர் இன்டரப்டில் வைத்தால் மோட்டார் பட்டினி. கட்டளை ஒரு டாஸ்க், கார்டு அதற்கும் கீழான முன்னுரிமையில் இன்னொன்று.

பொறியன்: `PendSV` இன்டரப்டில் கட்டளையை வைத்தாலே போதுமே?

அலைமானி: ஒரு வேலைக்குப் போதும். அந்தக் கட்டளை கார்டைப் படிக்கச் சொன்னால்?

மின்மினி: அப்படி ஒன்று பட்டியலில் இருக்கிறது.

கம்பிக்காரர்: அப்படியானால் ஆர்டிஓஎஸ்-இலும் அந்த டாஸ்க் கார்டின் பூட்டுக்காக 180 மில்லி விநாடி காத்துத்தானே கிடக்கும்?

அலைமானி: கிடக்கும். 'ஏற்றேன்' என்று உடனே ஒரு பதில், தரவு பிறகு என்று பிரிக்க வேண்டும். கணினிப் பக்கம் அதை ஏற்குமா?

மின்மினி: அந்தப் பக்கத்தை எழுதுகிறவர் விடுப்பில் இருக்கிறார். கேட்டுவிட்டு வருகிறேன்.