பரீட்சைக்கு முந்தைய இரவு ஆசனக் கணக்கை எப்படி நினைவில் வைத்தீர்கள்?

திருநெல்வேலி மாணவி

தவணைப் பரீட்சைக்கு முந்தைய இரவு பத்து மணிக்குத்தான் பாராளுமன்ற ஆசனங்களை வாக்குக்கேற்பப் பங்கிடும் விகிதாசார முறையைப் படிக்கத் தொடங்கினேன். ரியூசனில் சொல்லித் தந்த சுருக்கம் ‘போ, க, வ, மி’. அதாவது போனஸ், கழித்தல், வகுத்தல், மிச்சம். இருபது தடவை எழுதிப் பார்த்துவிட்டுத் தூங்கினேன். காலையில் வினாத்தாளைக் கண்டதும் நான்கு எழுத்துகளும் வரிசையாக வந்துவிட்டன. எதைக் கழிப்பது, எதனால் வகுப்பது என்பது மட்டும் வரவில்லை. மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள் என்று வினாவில் இருந்தது; நானும் ஆறால் வகுத்தேன். கடைசியில் பார்த்தால் ஏழு ஆசனங்களைப் பங்கிட்டிருந்தேன். திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த மாதம் உயர்தரப் பரீட்சை. அரசறிவியல் படித்தவர்கள் இதை எப்படி மனத்தில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாசையூரான்

தங்கச்சி, எனக்கும் எழுத்துச் சுருக்கம் நின்றதே இல்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. இருட்டில் படுத்துக்கொண்டு, அப்பாவோடு போகும் மீன் சந்தையை நினைத்துக் கணக்கை அதற்குள் வைத்துப் பார்த்தேன். இன்றுவரை மறக்கவில்லை.

தரையில் ஆறு கூறு மீன் கிடக்கிறது. வாங்க ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள காசுதான் வாக்கு. 40,000, 28,000, 18,000, 10,000, 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஓர் இலட்சம்.

அதிகக் காசு கொண்டுவந்தவருக்கு முதலிலேயே ஒரு கூறு சும்மா கொடுத்துவிட வேண்டும். அதுதான் போனஸ். இப்போது தரையில் கிடப்பது ஐந்து கூறு. இந்த ஐந்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஆறால் வகுக்க மனம் வராது. அடுத்து, மொத்தக் காசில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5,000 கூட இல்லாதவரைப் படலைக்கு வெளியே அனுப்ப வேண்டும். 4,000 வைத்திருந்தவர் போய்விடுகிறார். மிஞ்சியது 96,000. அதை ஐந்தால் வகுத்தால் 19,200. அதுதான் ஒரு கூற்றின் விலை.

முதலாமவர் இரண்டு கூறு வாங்குகிறார். கையில் 1,600 மிச்சம். இரண்டாமவர் ஒரு கூறு வாங்குகிறார், 8,800 மிச்சம். மற்ற இருவருக்கும் விலை எட்டவில்லை. காசு அப்படியே கையில் இருக்கிறது. தரையில் இன்னும் இரண்டு கூறு. அவை, மிச்சக் காசு அதிகம் உள்ளவர்களுக்கு. 18,000 காரருக்கு ஒன்று, 10,000 காரருக்கு ஒன்று. சும்மா கொடுத்ததையும் சேர்த்தால் 3, 1, 1, 1.

2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களும் 3, 1, 1, 1 என்றுதான் பிரிந்தன. அதைக் கேட்டபோது எனக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது.

கோண்டாவில் தம்பி

கதை நன்றாக இருக்கிறது அண்ணா. ஆனால் இரண்டு இடத்தில் பிழை என்று நினைக்கிறேன். போனஸ் ஆசனம் நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்குத்தானே? வெட்டுப்புள்ளியும் எட்டில் ஒரு பங்கு, 12.5 வீதம். என்னுடைய குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

கொக்குவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, உங்கள் குறிப்பு யாரோ மூத்தவரிடமிருந்து கைமாறி வந்திருக்கும். 1978 யாப்பில் 12.5 வீதம் இருந்தது உண்மை. 1988 இல் 15 ஆம் திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. விகிதாசார முறையில் நடந்த முதல் பொதுத் தேர்தல் 1989 இல். ஆகவே எந்தப் பொதுத் தேர்தலிலும் 12.5 நடைமுறைக்கு வரவில்லை. போனஸ் ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்துக்கும் தனித்தனி. 22 மாவட்டங்கள், 22 போனஸ் ஆசனங்கள். ஒவ்வொரு மாவட்டமும் ஒரு தனிச் சந்தை என்று பாசையூர்த் தம்பியின் கதையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை, நீங்கள் ஆறால் வகுத்ததை இதே எண்களில் நானும் செய்து பார்த்தேன். விலை 16,000 ஆகிவிடுகிறது. முழுக் கூறுகளாக முதலாமவருக்கு இரண்டும், அடுத்த இருவருக்கு ஒவ்வொன்றும் போகின்றன. மிச்சத்தில் பெரியவை 12,000 உம் 10,000 உம். இரண்டாமவர் இன்னொன்று பெற்றுவிடுகிறார். அதற்குமேல் போனஸ் சேர்ந்தால் ஏழு. ஆகவே முடிவு எழுதியவுடன் ஆசனங்களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பிழைத்தால் வகுத்த எண்ணில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தொகுதி முறை ஏன் விகிதாசாரமாக மாறியது என்று கேட்டால் 1977 பொதுத் தேர்தலை நினையுங்கள். சுதந்திரக் கட்சிக்கு நாடு முழுவதும் பத்தில் மூன்று பங்களவு வாக்கு. கிடைத்தது 8 ஆசனங்கள். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு அதைவிட மிகக் குறைந்த வாக்கு, 18 ஆசனங்கள். ஒன்றின் வாக்கு ஊரெங்கும் சிதறிக் கிடந்தது, மற்றதன் வாக்கு வடக்குக் கிழக்கில் குவிந்திருந்தது. அதனால்தான் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எங்கள் வயதினருக்கு இதற்கு மனனமே தேவைப்படவில்லை. வீட்டில் எல்லோரும் வானொலியைச் சுற்றி இருந்து கேட்ட செய்தி அது.

திருநெல்வேலி மாணவி

சேர், இப்போதுதான் செய்து பார்த்தேன். 4,000 காரரை வெளியே அனுப்ப மறந்தாலும் 3, 1, 1, 1 தான் வருகிறது. அப்படியானால் அந்தப் படி எதற்கு?

கொக்குவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

இந்த எண்களில் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். விலை 19,200 இலிருந்து 20,000 ஆக ஏறியிருப்பதைக் கவனியுங்கள். முதலாமவரிடம் சரியாக 40,000 இருந்தது. ஒரு வாக்குக் குறைந்திருந்தால் இரண்டாவது கூறு அவருக்கு முழு விலையில் கிடைத்திராது. விடை சரியாக வந்தாலும் படி இல்லையென்றால் திருத்துபவர் புள்ளி தரமாட்டார்.

சாவகச்சேரி வாசகர்

நான் வாக்களிப்பு நிலையத்தில் கடமை செய்தவன். வாக்கை எப்படி நினைவில் வைத்து அளிப்பது என்று கேட்கிறீர்கள் என எண்ணிச் சொல்கிறேன். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இடலாம். அங்கே வரிசைக்குப் பெறுமதி உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு விருப்பு எண்கள் மூன்று வரை புள்ளடி. அவற்றுக்குள் முதல், இரண்டாவது என்று கிடையாது. இரண்டையும் குழப்பி என்னிடம் விளக்கம் கேட்டவர்கள் ஏராளம்.

திருநெல்வேலி மாணவி

நான் கேட்டது வேறு, ஆனாலும் மிக்க நன்றி ஐயா. நானும் அதைத்தான் குழப்பிக்கொண்டிருந்தேன். 2024 ஜனாதிபதித் தேர்தலில் எவரும் பாதியைத் தாண்டாததால் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. வரிசைக்குப் பெறுமதி என்பதை அதனோடு சேர்த்து நினைவில் வைக்கிறேன்.

கோண்டாவில் தம்பி

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களை நான் மனனம் செய்வதில்லை, கட்டிக்கொள்கிறேன். மாகாணம் 9, ஒவ்வொன்றுக்கும் 4, ஆக 36. அதோடு 160 சேர்த்தால் 196. தேசியப் பட்டியல் 29. இதில் பிழை இல்லைத்தானே சேர்?

கொக்குவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

இல்லை. மிகச் சரி.

திருநெல்வேலி மாணவி

பாசையூர் அண்ணா, உள்ளூராட்சி சபைக்கும் மீன் கதை பொருந்துமா?

பாசையூரான்

பொருந்தவில்லை. அங்கே 60 வீதம் வட்டாரத்தில் வென்று வருவது, 40 வீதம் பட்டியலில் வருவது. ஒரு கட்சி தன் வாக்குப் பங்குக்கு மேலாக வட்டாரங்களை வென்றுவிட்டால், வென்றதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சபையின் உறுப்பினர் தொகைதான் கூடுகிறது. சந்தையில் கூறு தானாகக் கூடுவதை நான் கண்டதில்லை. இரண்டு இரவு யோசித்தும் அதற்கு ஒரு படம் அகப்படவில்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். தங்கச்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.