புதுப்பிப்பு: கடைமடைக்காரர்களை எந்தக் கட்டத்தில் வைப்பது?

எங்கள் ஆலை விரிவாக்கத்தில் சம்பந்தப்பட்டவர்களை ஆர்வம், அதிகாரம் பார்த்து நான்கு கட்டங்களாகப் பிரித்த படத்தில் மஞ்சள் சீட்டாக ஒட்டி வருகிறோம். அதைப் பற்றி நான் முன்பு கேட்டது: "ஆலை விரிவாக்கத்தில் கடைமடை விவசாயிகளுக்கு ஆர்வம் அதிகம், அதிகாரம் குறைவு. தகவல் மட்டும் சொன்னால் போதுமா?"

போதாது. கலெக்டரைச் சரிக்கட்டினால் முடிந்தது என்றார் ஒருவர். பாதி சரி. கருத்துக்கேட்புக்கு அவர் தலைமை வகிப்பார். சுற்றுச்சூழல் அனுமதி தருவது வேறிடம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சிதான் கண்ணைத் திறந்தார்: "இன்னிக்கு அதிகாரமில்லைன்னு எழுதுதீரு. அனுமதி வந்த 30 நாளுக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனா?" அவர்களின் மஞ்சள் சீட்டைப் பிய்த்து, அதிகாரமும் அதிகமுள்ள மேல் கட்டத்தில் ஒட்டினேன்.



கடைமடைக்காரர்கள் கேட்டது வேலையில்லை. தாமிரபரணியில் எவ்வளவு எடுப்பீர்கள், பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்பதுதான். மாதவாரிக் கணக்கு கொடுத்தோம். கழிவுநீர்க் கணக்கை அவர்கள் இன்னும் நம்பவில்லை. நீர்வளத் துறையை எங்கே ஒட்டுவது என்பதும் இழுபறிதான்.