முதல் மூன்று நொடிக்கு ஒரு சொல்: ‘எடுப்பு’ பொருந்துமா?

காரைக்குடியிலிருந்து, மடலைத் தொடங்கியவர்:

குழுவினருக்கு வணக்கம். ஆத்தங்குடிக் கல் விற்கும் ஒருவருக்காக, காசு கட்டிப் போடும் 30 நொடி விளம்பரக் காணொளி ஒன்றின் முதல் மூன்று நொடிகளை மட்டும், எது நல்ல பலன் தரும் என்று சோதித்துப் பார்க்க, மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில், காய்ந்த கல்லைக் கண்ணாடியிலிருந்து பெயர்த்தெடுக்கும் கை தெரியும். மற்றொன்றில், ‘பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை கல் வேண்டும்?’ என்று ஒரு குரல் கேட்கும். மூன்றாவதில், பழைய வீட்டு வளவில் ஒருவர் வெறுங்காலோடு நடப்பார். நான்காம் நொடி முதல் மூன்றும் ஒன்றே: எட்டங்குலக் கல் 270 போதும், உடைசலுக்குச் சற்றுக் கூட்டி வாங்குங்கள் என்று அது தொடங்குகிறது. இந்த முதல் துண்டை எல்லோரும் ‘ஹுக்’ என்கிறார்கள். ‘எடுத்த எடுப்பிலேயே’ என்ற நம் வழக்கிலிருந்து இதை ‘எடுப்பு’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். தமிழிசையில் பல்லவிக்கும் அந்தப் பெயர் உண்டு.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

‘கொக்கி’ என்ற சொல் இருக்கும்போது புதிது எதற்கு? சோதனையிலும் இவ்வளவு சிரமம் வேண்டாம். மூன்றையும் ஒரே விளம்பரத் தொகுப்பில் போட்டுவிட்டால், எதற்கு அதிகப் பணம் போகிறதோ அதுவே வென்றது என்று தெரிந்துவிடும்.

பள்ளத்தூரிலிருந்து, பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர்:

நானும் இதைச் செய்து பார்த்துவிட்டேன். சீப்புச்சீடைக்கு ஒன்று, மணகோலத்துக்கு ஒன்று, அதிரசத்துக்கு ஒன்று என மூன்று காணொளி போட்டேன். அதிரசம்தான் நன்றாக ஓடியது. இதைத்தானே கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டுக் கணக்கில் இதற்கு ‘முகப்பு’ என்பதே சரி. முகப்பைப் பார்த்துத்தான் ஆள் உள்ளே வருவான்.

மதுரையிலிருந்து, பல ஆண்டுகளாக விளம்பரக் கணக்கு பார்ப்பவர்:

ஆச்சி சொன்னது மூன்று பண்டங்களின் ஒப்பீடு. அதிரசம் ஓடியது தொடக்கத்தாலா, பண்டத்தாலா, பண்டிகை நெருங்கியதாலா என்று அதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. பின்பகுதி, பாட்டு, மேலே எழுதும் வாசகம், பார்க்கப்போகும் ஆட்கள் ஆகிய எல்லாம் ஒன்றாக இருந்து, முதல் மூன்று நொடி மட்டும் மாறினால்தான் செலவை ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

தேவகோட்டை ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: ஒரே தொகுப்பில் இட்டால் வேலை எளிது. ஆனால், முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் சொற்பமான தகவலைக் கொண்டே பணத்தை ஒரு பக்கம் சாய்ப்பது விளம்பரம் காட்டும் இணைய மேடைகளின் வழக்கம். பிறகு ஒன்றுக்கு 1,800 ரூபாயும் இன்னொன்றுக்கு 90 ரூபாயும் செலவாகியிருக்கும்போது, அந்த 90 ரூபாய்க்காரனைத் தோற்றவன் என்று எப்படிச் சொல்வது? ஒருவர் ஒரு வடிவத்தை மட்டுமே பார்க்கும்படி ஆட்களைப் பிரித்துக் காட்டும் ஏ/பி சோதனை, ஒவ்வொன்றுக்கும் சம பணத்தோடு, இதற்கென்றே இருக்கிறது. காரைக்குடியார் அதைச் செய்தாரா? விடை என்ன?

காரைக்குடியிலிருந்து:

செய்தேன், ஐயா. ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 300 ரூபாய் வீதம் ஏழு நாளில் 2,100 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த விசாரிப்பையே பலனாக எண்ணினேன். கல்லைப் பெயர்க்கும் தொடக்கத்துக்கு 21 விசாரிப்பு, அதாவது ஒன்றுக்கு 100 ரூபாய். கேள்விக்கு 35, ஒன்றுக்கு 60 ரூபாய். வளவுக்கு 14, ஒன்றுக்கு 150 ரூபாய். வியப்பு என்னவென்றால், நூறு முறை காட்டினால் மூன்று நொடி நின்று பார்க்கப்பட்டது கல் பெயர்ப்பதில் 41 முறை, கேள்வியில் 24 முறைதான். கண்ணாடியின் பளபளப்பு அப்படியே கல்லில் இறங்கியிருப்பதைப் பார்க்க எல்லோரும் நிற்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்து விசாரித்தவர்களில் பலர் ‘எப்படிச் செய்கிறீர்கள்?’ என்றே கேட்டார்கள். தரை போடப் போகிறவர் கேள்விக்குத்தான் நின்றார்.

மதுரையிலிருந்து:

நிற்க வைப்பதும் வாங்குபவரை நிற்க வைப்பதும் வேறு என்பதற்கு இது நல்ல சான்று. இருந்தாலும் 35-க்கும் 21-க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியதே. அதே பணத்தில் இன்னொரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வரிசை மாறாவிட்டால் நம்பலாம். ‘கொக்கி’ இங்கே வழுக்குவதும் இதனால்தான்: அது பிடித்து இழுப்பதை மட்டும் சொல்கிறது. ‘முகப்பு’ அழகுதான், ஆனால் இணையத்தளத்தின் முதல் பக்கத்துக்கு அது போய்விட்டது. ‘எடுப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பின்பகுதியைத் ‘தொடுப்பு’ என்றும் சொல்லிக்கொள்ளலாம். ‘தொடுப்பு ஒன்று, எடுப்பு மூன்று’ என்றால் வேலையே விளங்கிவிடுகிறது.

தேவகோட்டையிலிருந்து:

சோதனை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சொல்லை ஏற்கத் தயக்கம் உண்டு. என் வயதுக்காரர்களுக்கு ‘எடுப்பு’ என்றதும் எடுப்புக் கக்கூசு நினைவுக்கு வரும். இளையவர்களுக்கு எடுப்புச் சாப்பாடு.

காரைக்குடியிலிருந்து:

இரண்டாம் வாரக் கணக்கு வந்துவிட்டது. கேள்விக்கு 31, கல்லுக்கு 19, வளவுக்கு 15, வரிசை மாறவில்லை. கேள்வியை வைத்துக்கொண்டோம். சொல்லைப் பொறுத்தவரை என் கோப்புகளுக்கு எடுப்பு-1, எடுப்பு-2 என்றே பெயரிட்டிருக்கிறேன்; குழு வேறு சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து:

அப்படியானால் சீப்புச்சீடையை மட்டும் வைத்துக்கொண்டு, அச்சிலிருந்து மாவு இறங்குவது ஒன்று, கடிக்கும் சத்தம் ஒன்று, ‘ஒரு கிலோவுக்கு எத்தனை வரும்?’ என்ற கேள்வி ஒன்று எனப் படம்பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் என்னவானாலும் நான் முகப்பு என்றுதான் சொல்வேன்.