கண்டியில் சிறிய கொத்துக்கடை: சொந்த ரைடரா, டிலிவரி ஆப்பா?

கொத்துக்கல்: கண்டி டவுனில் சின்னக் கடை. பின்னேரம் கொத்து, ஃப்ரைட் ரைஸ்தான் ஓடும். ஆப்பில் 25 வீதம் கொமிஷன் போகிறது. அதை விட்டுவிட்டு ஒரு பெடியனை பைக்கோடு வைத்துக்கொள்ளலாமா? ஒரு ஓடர் சராசரியாக 1,800 ரூபா.

ஹந்தானை: யோசிக்கவே வேண்டாம். ஒரு ஓடருக்கு 450 போகிறது. நாளைக்கு 12 ஓடர் என்றால் 5,400. மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெடியனுக்குச் சம்பளம் 40,000. மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான்.

கணக்கப்பிள்ளை: ஹந்தானை தம்பி, பெருக்கல் சரி, செலவுதான் குறைந்துவிட்டது. சம்பளம் 40,000 என்றால் முதலாளி பங்காக ஈ.பி.எஃப். 12 வீதம், ஈ.டி.எஃப். 3 வீதம், மொத்தம் 6,000 சேரும். பைக் தவணை, சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரு 14,000 வைப்போம். ஆக 60,000. 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு ஏறக்குறைய 2,300. வாடிக்கையாளர் தரும் டிலிவரிக் காசு பெற்றோலுக்குச் சரியாகிவிடும் என்று வைத்தாலும், ஆறு ஓடர் போனால்தான் ஆப்பை விட லாபம்.

ஆறு ஓடர் கிடைக்கும். ஆனால் அவை வரும் நேரம்தான் சிக்கல். பின்னேரம் ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் அடுப்பு எரியும். ஹீரஸ்ஸகல, அம்பிட்டிய பக்கம் மேட்டில் ஏறி, வீட்டைத் தேடிக் கொடுத்து, திரும்பி வர அரை மணித்தியாலம் பிடிக்கும். இரண்டு மணித்தியாலத்தில் நாலு தடவை. ஒரே பக்கம் இரண்டு பார்சல் சேர்ந்தால் ஆறு வரை இழுக்கலாம். எட்டாவது ஓடர் போய்ச் சேரும்போது மூடிய பெட்டிக்குள் ஆவி கட்டி, கொத்து களியாகிவிடும்.

மழைக்காலம்: அதனால்தான் ஆப் வேண்டும் என்கிறேன். ஒரே நேரத்தில் பத்து ஓடர் வந்தாலும் பத்து ரைடர் வருவார்கள். ஆள் லீவு, பைக் பழுது என்ற தலையிடி நமக்கு இல்லை. புது வாடிக்கையாளரும் ஆப்பில்தான் கடையைக் காண்கிறார்.

கணக்கப்பிள்ளை: கடைசியாகச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆப்பை மூடினால் அந்த 12 ஓடரும் தொலைபேசிக்கு வந்துவிடாது. ஆனால் பத்து ரைடர் என்பது வெயில் நாள் கணக்கு. அடை மழையில் அவர்களும் குறைவார்கள். சமைத்த பார்சல் மேசையில் ஆறிக் கிடக்கும், நட்சத்திரம் குறைவது உங்கள் கடைக்கு. கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவும் வாடிக்கையாளரின் நம்பர் நம்மிடம் இருக்காது.

ஹட்டன் ரோட்: எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் ஆப் ரைடர் வருவதில்லை. ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டோக்காரரைப் பிடித்து அனுப்புகிறோம். தூரத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்றுதானே கேட்கிறீர்கள்?

கொத்துக்கல்: இல்லை அண்ணன், நான் கேட்டது வேறு. ஆனால் ஓட்டோ நல்ல யோசனை.

கணக்கப்பிள்ளை: மிக நல்ல யோசனை. ஆப் கொமிஷன் பில்லோடு ஏறும், ஓட்டோக் கூலி ஏறாது. ஒரு தடவைக்கு 400 கொடுத்து, வாடிக்கையாளரிடம் 150 வாங்கினால் கடைக்குச் செலவு 250. ஆயிரம் ரூபா ஓடருக்கு ஆப் எடுப்பதும் அதே 250. மூவாயிரம் ரூபா குடும்ப ஓடருக்கு ஆப் 750 எடுக்கும், ஓட்டோவுக்கு அதே 250தான். ஆகவே தொலைபேசி ஓடருக்குக் குறைந்தது 1,000 என்று வையுங்கள். சின்ன ஓடர் ஆப்பிலேயே போகட்டும்.

ரைடரை நிரந்தரமாக எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஓடர் வந்த நேரம், கடையை விட்டுப் போன நேரம், எந்தப் பக்கம், பில் எவ்வளவு. ஓட்டோவுக்குத் தடவைக்கு 250, ரைடருக்கு நாளைக்கு 2,300 என்றபடியால், தொலைபேசி ஓடர் மட்டும் நாளைக்குப் பத்து வந்து, அவை இரண்டு மணித்தியாலத்துக்குள் குவியாமல் இருந்தால் ஆள் வைக்கலாம். அதுவரை ஓட்டோ போதும்.

ஹந்தானை: அப்படியென்றால் ஆப் பார்சலுக்குள் நம்பர் போட்ட துண்டு ஒன்றை வைத்து, அந்த ஆட்களையும் நம் பக்கம் இழுக்கலாமே?

மழைக்காலம்: ஒப்பந்தத்தை வாசிக்காமல் செய்யாதீர்கள். அதைத் தடுக்கும் வாசகம் இருந்தால் கடையையே ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆள் தேடித் தந்தவருக்குக் கூலி கொடுப்பதுதான் நியாயம்.

ஹந்தானை: முதல் ஓடருக்குக் கூலி சரி. அதே ஆள் ஐம்பதாவது தடவை வாங்கும்போதும் 25 வீதமா?

கணக்கப்பிள்ளை: அதில் நான் ஹந்தானை பக்கம்தான், ஆனால் துண்டு வைக்க மாட்டேன். பெட்டி மூடியிலேயே கடைப் பெயரும் நம்பரும் அச்சடித்துவிடுங்கள், கடைக்கு வந்து வாங்குகிறவருக்கும் அதே பெட்டிதான். கொத்துக்கல், ஆப்பில் தள்ளுபடி போடும்போது கொமிஷன் பழைய விலைக்கா, குறைத்த விலைக்கா கணக்கிடுகிறார்கள்? போன வாரப் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கொத்துக்கல்: பில்லில் இரண்டு தொகை இருக்கிறது. இரவு கடை மூடியதும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.