கால அட்டவணைக் கட்டத்தைப் புறப்பாட்டுப் பட்டியலாக்கும் செயலுக்கு ஒரு சொல்

குமரன்:

வணக்கம். விரிதாள் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் `Unpivot` என்ற கட்டளைக்குச் சொல் வேண்டும். எடுத்துக்காட்டாகச் சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயிலின் அட்டவணையை வைத்திருக்கிறோம். இடப்பக்கம் நிலையங்கள், மேலே வண்டிகள். நேரங்கள் மாதிரிக்கு இட்டவை. யாரும் இதை நம்பி ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டாம்.

```
நிலையம்,அ,ஆ,இ
கடற்கரை,4.10,4.22,
எழும்பூர்,4.20,4.31,
கிண்டி,4.35,,
தாம்பரம்,4.58,5.00,5.10
செங்கல்பட்டு,,5.32,5.44
```

இதை "எந்த நிலையம், எந்த வண்டி, எத்தனை மணிக்கு" என்று ஒரு வரிக்கு ஒரு புறப்பாடாக மாற்ற வேண்டும். சிலர் "உருக்குதல்" என்கிறார்கள். Python-இன் pandas-இல் இதே செயலுக்குப் பெயரான `melt` என்பதை அப்படியே பெயர்த்தது; எனக்கு ஒட்டவில்லை.

அருள்:

இதற்குப் புதுச்சொல் எதற்கு? பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே "நிரை நிரல் மாற்று அணி" இருக்கிறதே. நிரையை நிரலாக்கினால் வண்டிகள் இடப்பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு வரியும் ஒரு வண்டி. பட்டியல் தயார்.

தேன்மொழி:

அருள், வண்டிவாரியாகப் படிக்க அது உதவும், சரிதான். ஆனால் திருப்பிப் போட்டாலும் அது கட்டம்தான். முன்பு ஐந்துக்கு மூன்று, இப்போது மூன்றுக்கு ஐந்து. எழும்பூரில் 4.20-க்கு மேல் என்ன வண்டி என்று தேட இன்னமும் இரண்டு பக்கமும் கண்ணை ஓட்ட வேண்டும். குமரன் கேட்பதில் தலைப்பு வரிசையே காணாமல் போகிறது. "அ", "ஆ", "இ" மூன்றும் தலைப்பிலிருந்து இறங்கி, "வண்டி" என்ற ஒரே நிரலில் மதிப்புகளாக உட்காருகின்றன. அந்த இறக்கம்தான் இந்தச் செயலின் உயிர். அதனால் என் பரிந்துரை "தலைப்பிறக்கம்". எதிர்ச்செயலுக்குத் "தலைப்பேற்றம்" தானாகக் கிடைக்கும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் ஒன்றை விடாதீர்கள். மாதிரியில் 15 கட்டங்கள். நிரம்பியவை 10, வெற்று 5. வெற்று எல்லாம் ஒரே பொருள் அல்ல. "இ" வண்டிக்கு மேலே உள்ள மூன்றும் அது இன்னும் கிளம்பவில்லை என்பது. "ஆ"-வுக்குக் கிண்டியில் வெற்று என்றால் நிற்காமல் போகிறது. "அ"-வுக்குச் செங்கல்பட்டில் வெற்று என்றால் தாம்பரத்தோடு முடிந்துவிட்டது.

வெற்றை நீக்கினால் 10 வரி வரும். பெரும்பாலானோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பத்தும் புறப்பாடு அல்ல. "அ" வண்டி 4.58-க்குத் தாம்பரத்தில் வந்து நிற்கிறது, அங்கிருந்து எங்கும் போகவில்லை. அந்த வரி இருந்தால் தாம்பரம் பலகையில் 4.58-க்கு ஒரு வண்டி தெரியும். ஏற ஆள் நிற்பார்கள், வண்டி யார்டுக்குப் போகும். ஒவ்வொரு வண்டியின் கடைசி வரியையும் எடுத்துவிட வேண்டும். மூன்று வண்டி, மூன்று வரி, மிச்சம் 7. நிரம்பிய கட்டங்களிலிருந்து வண்டிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதும் பட்டியலின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

```python
df["வரிசை"] = range(1, len(df) + 1)
p = df.melt(id_vars=["வரிசை", "நிலையம்"],
            var_name="வண்டி", value_name="நேரம்")
p = p.dropna(subset=["நேரம்"])
p = p.sort_values(["வண்டி", "வரிசை"])
p = p[p.duplicated("வண்டி", keep="last")]
```

முதல் வரி முக்கியம். நிலையங்களின் மேல்–கீழ் ஒழுங்குதான் வண்டி போகும் திசை. எண்ணிடாமல் இறக்கிவிட்டு, பிறகு யாராவது நிலையப் பெயரை அகரவரிசைப்படுத்தினால் எது கடைசி நிலையம் என்பதே தொலைந்துவிடும்.

ரோசலின் (யாழ்ப்பாணம்):

இங்கே நேரசூசி என்போம். எனக்குத் தேவைப்படுவது புள்ளி அட்டவணைக்கு: மாணவர் கீழ்நோக்கி, பாடம் குறுக்காக. ஒரு பாடத்துக்குப் பிள்ளை சமுகமளிக்காவிட்டால் அந்தப் பெட்டி வெற்றாக இருக்கும். Power Query-இல் `Unpivot Other Columns` கொடுத்ததும் அந்த வரியே இல்லாமற் போய்விடுகிறது. யார் வரவில்லை என்று எண்ண முடியவில்லை. நீங்கள் சொன்ன கடைசி வரி நீக்கம் இதற்கும் வேண்டுமா?

தேன்மொழி:

வேண்டாம் ரோசலின், அது வண்டிக்கு மட்டும். நீக்கினால் ஒவ்வொரு பாடத்திலும் கடைசி மாணவரின் புள்ளி போய்விடும். உங்கள் சிக்கல் வேறு: Power Query வெற்றுக் கட்டங்களைத் தானே விட்டுவிடும், SQL Server-இன் `UNPIVOT`-உம் அப்படியே. pandas-இன் `melt` எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். இறக்குவதற்கு முன் வெற்றுப் பெட்டிகளில் "வரவில்லை" என்று நிரப்பிவிடுங்கள். ஆகவே வெற்று நீக்கம் இந்தச் சொல்லின் பொருளுக்குள் வரக்கூடாது. அது தனிப் படி.

செல்வி:

"தலைப்பிறக்கம்" எனக்குத் தலை – பிறக்கம் என்று ஒலிக்கிறது. பிரித்துத் "தலைப்பு இறக்கம்" என்று எழுதினால் இன்னொரு வம்பு: பட்டியில் பார்ப்பவர் பதிவிறக்கம் என்றே நினைப்பார். "நிரலிறக்கம்" அதைவிட மோசம். கணினித் தமிழில் நிரல் என்றாலே புரோகிராம் ஆகிவிட்டது. நான் "கட்டவிழ்ப்பு" என்பேன். கட்டத்தை அவிழ்ப்பது.

அருள்:

கட்டவிழ்ப்பை இலக்கிய விமர்சகர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். மின்சார ரயிலைக் கட்டவிழ்த்தால் ரயில்வே சும்மா விடாது.

சொல் இருக்கட்டும். நானும் செய்து பார்த்தேன், கடைசி வரி விஷயம் புரிந்தது. ஆனால் கிண்டியில் 4.34 என்று வருகிறதே? கட்டத்தில் 4.35 அல்லவா இருக்கிறது?

தேன்மொழி:

`int(x*100)` போட்டிருப்பீர்கள். புள்ளி வைத்து எழுதிய நேரத்தை மென்பொருள் பதின்ம எண்ணாகப் படிக்கிறது. `4.35*100` கணினிக்கு `434.99999999999994`. `int` வாலை வெட்டுவதால் ஒரு நிமிடம் குறைகிறது. `round(x*100)` என்று எழுதுங்கள். 4.10 என்பது 4.1 ஆகத் தெரிந்தாலும் பதற வேண்டாம். நான்கு மணி ஒரு நிமிடம் 4.01 என்றுதான் இருக்கும், ஆகவே 4.1 பத்து நிமிடமே. இதைவிட நல்லது, கோப்பைத் திறக்கும்போதே நேர நிரல்கள் எல்லாவற்றையும் உரையாகப் படிக்கச் சொல்வது. ஆனால் உரையாகவே விட்டு வரிசைப்படுத்தாதீர்கள், "10.05" போய் "4.10"-க்கு முன்னால் உட்காரும்.

கடைசி வண்டியையும் சோதியுங்கள். கடற்கரையில் 23.59, தாம்பரத்தில் 0.47 என்று ஒரு நிரல் இருந்தால், முந்தைய நிலையத்தைவிட நேரம் குறைந்த இடத்திலிருந்து 24 மணி கூட்ட வேண்டும். பொதுப் போக்குவரத்து அட்டவணைகளைப் பகிரும் GTFS கோப்புகளில் 24:47:00 என்று எழுதுவது இதற்காகத்தான். இல்லாவிட்டால் "ஞாயிறு இல்லை" என்று குறித்த வண்டியில் சிக்கல் வரும். அது சனி இரவு கிளம்பித் தாம்பரத்தைத் தொடும்போது ஞாயிறு பிறந்திருக்கும். தேதியை வைத்து வடிகட்டினால் ஓடுகிற வண்டியே பட்டியலில் இருக்காது.

குமரன்:

நன்றி. "ஞாயிறு இல்லை" எங்கள் தாளில் வண்டி எண்ணுக்குக் கீழே தனி வரிசையாக இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்கினால் அதுவும் ஒரு நிலையமாக வந்து விழுகிறது. முதலில் அதை வெட்டி "வண்டி, நாள்" என்ற தனி அட்டவணையில் வைக்கிறேன். இப்போதைக்குக் கையேட்டில் "தலைப்பு இறக்கம்" என்று இட்டு, பக்கத்தில் `Unpivot` என்று திரையில் உள்ளபடியே காட்டுகிறேன். செல்வியின் மறுப்பு நியாயமானது. வேறு சொல் கிடைத்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

செல்வி:

"தலைப்பு மடக்கல்"? மடக்கினால் தலைப்பு கீழே வரும், பதிவிறக்கக் குழப்பமும் இல்லை. எதிர்ச்செயல் "விரித்தல்".

ரோசலின்:

மடக்கல் என்றால் நிரலை மறைத்து வைப்பது என்று எங்கள் பிள்ளைகள் எடுப்பார்கள். எனக்கு இறக்கமே விளங்குகிறது.